பத்து வரி, பத்துச் சொல், ஒரே ஒரு தடவை

பள்ளித் தமிழ்ப் பாடத்தில் பலருக்கும் பழக்கமான வேலை இது. பலகையில் பத்துச் சொற்கள் இருக்கும். அவற்றை வைத்துப் பத்து வாக்கியத்தில் கதை எழுத வேண்டும். அதோடு, ஒவ்வொரு சொல்லும் ஒரு தடவைதான் வரலாம் என்ற நிபந்தனையும் சேரும்போது விளையாட்டு வேறாகிவிடுகிறது.

அமெரிக்காவின் டாக்டர் சூஸ், வெறும் 50 சொற்களை வைத்து 1960இல் 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' என்ற குழந்தைப் புத்தகத்தை எழுதினார். பதிப்பாளர் பென்னட் செர்ஃப் கட்டிய பந்தயம்தான் காரணம். ஆனால் அவர் அதே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். அந்தத் தாளமே புத்தகத்தின் ருசி. இங்கே அந்தச் சலுகை கிடையாது.

ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம்: கிணறு, வாளி, மணி, ஆறு, படி, பால், கயிறு, பூனை, மழை, சாவி. வாக்கியத்துக்கு ஒரு சொல் என்று பங்கு போடத்தான் முதலில் கை போகும். "பூனை வந்தது. பால் குடித்தது. மழை பெய்தது." விதி மீறப்படவில்லை, கதையும் இல்லை. அதைவிட, எந்தப் பொருள் தொலைந்தால் மற்றவை அதைத் தேடி வரும் என்று யோசிப்பது நல்லது. இந்தப் பட்டியலில் தொலையக்கூடியது சாவி.

'பால் காய்ச்சி இறக்கிவிட்டுச் சர்க்கரை அலமாரியைத் திறக்கப் போனால், ஆச்சிக்குச் சாவியைக் காணோம். ராத்திரி பெய்த மழையில் முற்றமெல்லாம் சகதி. அதில் சின்னச் சின்னத் தடங்கள் கிணற்றுப் பக்கம் போயிருந்தன. ஆச்சி எட்டிப் பார்த்தாள். உள்ளே ஆறு படி கீழே பூனை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேரன் வாளியைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினான். பயந்த ஜீவன் அதற்குள் ஏற அரை மணி நேரம் பிடித்தது. மேலே வந்ததும் அதன் கழுத்தில் ஏதோ மினுங்கியது. "நேத்து நான்தான் விளையாட்டுக்குக் கட்டிவிட்டேன்" என்று முணுமுணுத்தான் பேரன். ஆச்சி திட்டவில்லை, அன்றைக்கு அவன் காப்பியில் மட்டும் சர்க்கரை போடவில்லை.'

எட்டாவது வாக்கியத்தைப் பாருங்கள். கழுத்தில் தொங்கியது என்ன என்று எழுத வழியில்லை, ஏனென்றால் அந்தச் சொல் முதல் வரியிலேயே செலவாகிவிட்டது. வேறு வழியில்லாமல் 'ஏதோ மினுங்கியது' என்று வருகிறது. அதுதான் கதையின் நல்ல இடம். விதி இல்லாதிருந்தால் பெயரைச் சொல்லிக் கெடுத்திருப்போம். ஏழாவது வரிக்குள் பத்துச் சொல்லும் தீர்ந்துவிட, முடிவு மூன்று வரிகளும் பட்டியலின் பிடியில் இல்லாமல் ஓடுகின்றன. சொற்களை முன்பாதியிலேயே செலவழித்துவிடுவது பயனுள்ள தந்திரம்.

ஏழாவது வரியில் இன்னொரு சிக்கல். பூனையும் தமிழில் 'அது', வாளியும் 'அது'. "அது அதற்குள் ஏற" என்று முதலில் எழுதினால் வாளி பூனைக்குள் ஏறுகிறதா என்று கேட்கத் தோன்றும். அதனால்தான் 'பயந்த ஜீவன்' வந்து நிற்கிறது.

ஆறும் படியும் மணியும் பல பொருள் கொண்ட சொற்கள். இங்கே ஆறு எண்ணிக்கை, படி கல்படி, மணி நேரம். ஆபத்து என்னவென்றால், கிணற்றுப் படியை எழுதிவிட்டு, பேரன் 'படித்துக்கொண்டிருந்தான்' என்று அடுத்த வரியில் எழுதினால் கவனிக்காமலே போய்விடும். பொருள் வேறு, சொல்லும் வேறு என்று வாதாடலாம்தான். கண்டிப்பான ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார். பூனையின் கழுத்தில் மணி கட்டும் ஆசையும் அப்படித்தான் ஆளைக் கவிழ்க்கும்.

வேற்றுமை உருபு ஏற்பதைப் பற்றியும் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கிணறு 'கிணற்று' ஆகிறது, கயிறு 'கயிற்றில்' ஆகிறது. உருபை அனுமதிக்காவிட்டால் தமிழில் இந்த விளையாட்டே நடக்காது. கணினியில் சரிபார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: தேடுபெட்டியில் 'கிணறு' என்று அடித்தால் 'கிணற்று' அகப்படாது, 'படி' என்று அடித்தாலோ 'அப்படி', 'எப்படி' எல்லாம் வந்து குவியும்.

காகிதத்தில் பார்ப்பதே சுலபம். கதையைக் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி வாசித்துக்கொண்டே பட்டியலில் ஒவ்வொரு சொல்லையும் அடித்துக்கொண்டு போங்கள். கதையோட்டம் இழுத்துக்கொண்டு போகாததால், இரண்டாம் தடவை வந்த சொல் கண்ணில் பட்டுவிடும்.