பெட்ரோலில் எத்தனால்: காணாமல் போன மூன்று கிலோமீட்டர்

பெங்களூரில் 2023 பிப்ரவரி 6ஆம் தேதி, இந்திய எரிசக்தி வார விழாவில், 20 சதவீத எத்தனால் கலந்த 'இ20' பெட்ரோலைப் பிரதமர் நரேந்திர மோடி அறிமுகப்படுத்தினார். அன்று 84 பங்குகளில் தொடங்கிய விற்பனை இரண்டே ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. கூடவே பரவியது ஒரு புகார்: "வண்டி மைலேஜ் தரவில்லை."

புகாரில் உண்மை இருக்கிறது, அளவில்தான் குழப்பம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21தான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனாலைக் கலந்தால் கிடைப்பது ஏறக்குறைய 30. இழப்பு 7 சதவீதம். சுத்தமான பெட்ரோலில் 45 கிலோமீட்டர் ஓடிய பழைய ஸ்கூட்டர், இ20ல் 42 ஓடும். ஏற்கெனவே 10 சதவீதக் கலவையில் ஓடிய வண்டிக்கு இழப்பு இதில் பாதிதான்.

எத்தனாலுக்கு ஆக்டேன் அளவு அதிகம். புதிய என்ஜின்களில் அழுத்த விகிதத்தை உயர்த்தி இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். பழைய என்ஜினில் அது முடியாது.

கார்புரேட்டர் வண்டிகளின் சிக்கல் வேறு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்ஸார் இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிவிடுகிறது. கார்புரேட்டரின் ஜெட் துளையோ மாறாதது. எனவே காற்று மிஞ்சிய 'லீன்' கலவை உருவாகிறது. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக அடம், ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது திணறல் ஆகியவை இதன் அடையாளங்கள். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்றே மெலிது என்பதால் பாதிப்பு ஓரளவு குறையும். சென்னைக்கு அந்தச் சலுகை இல்லை.

மூன்றாவது, ரப்பர். எத்தனாலுக்கென்று தயாரிக்கப்படாத குழாய்களும் கேஸ்கெட்டுகளும் நாளடைவில் ஊறிப் பருத்து வெடிக்கின்றன. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பின் இவற்றை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. நின்ற வண்டியில் பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது குழாயைத்தான். தண்ணீரையும் எத்தனால் ஈர்க்கும். அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிகளுக்கு இதுதான் ஆபத்து.

மைலேஜைச் சோதிப்பது எளிது. டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே பங்கில் மீண்டும் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். 7 சதவீதம் வரை குறைந்தால் எத்தனால் காரணமாகலாம். 20 சதவீதம் குறைந்திருந்தால் ஏர் ஃபில்டரையோ, உரசும் பிரேக்கையோ, கார்புரேட்டரையோ மெக்கானிக் கவனிக்க வேண்டும்.