ஆட்சியர் சொன்னது தாளில் ஏறும்போது: ஆய்வுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு

மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் ஆய்வுக் கூட்டம் முடிந்த சில நாட்களில், ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு துறைக்கும் ஒரு தாள்கட்டு போய்ச் சேரும். அதுதான் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. மேலே ந.க. எண்ணும் நாளும், அடுத்துப் பொருள், பார்வை, கலந்துகொண்ட அலுவலர்களின் பதவிகள், பிறகு துறைவாரியாக ஆட்சியரின் அறிவுரைகள், கடைசியில் கையொப்பமும் பெறுநர் பட்டியலும் இருக்கும். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் 'நடவடிக்கை' என்று போட்டு, ஓர் அலுவலரின் பதவி எழுதப்பட்டிருக்கும். குறிப்பின் உயிர் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது.

கூட்டத்தில் பேச்சாக வந்தது துறையின் கோப்புக்குள் வேலையாக நுழைவது இந்தத் தாள் வழியாகத்தான். குறிப்பு வந்து சேர்ந்ததும் சார்நிலை அலுவலகத்தில் அதைத் தபாலாகப் பதிவு செய்கிறார்கள். உரிய பிரிவு எழுத்தர் தன்பதிவேட்டில் அதற்கு எண் கொடுக்கிறார். அதன் பிறகு அது நிலுவை. பதில் அனுப்பும்வரை நினைவூட்டு வந்துகொண்டிருக்கும். கூட்டத்தில் எத்தனை அழுத்திச் சொல்லப்பட்டிருந்தாலும், குறிப்பில் ஏறாத அறிவுரைக்கு இந்தப் பின்தொடர்ச்சி கிடையாது.

வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைக்கு, செப்டம்பரிலேயே மாவட்டங்களில் இந்தக் கூட்டம் நடந்துவிடும். வருவாய், நீர்வளம், நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி, மின்வாரியம், சுகாதாரம், தீயணைப்பு என்று பல துறையினர் ஒரே மன்றத்தில் உட்காருகிறார்கள்.

விளக்கத்துக்காக ஓர் இடத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஓர் ஏரி, ஆயக்கட்டு 140 ஏக்கர். ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே வழியும் உபரி நீர், ஒரு வாய்க்காலில் ஓடி, மாநில நெடுஞ்சாலைக்கு அடியில் இரண்டு கண் வைத்த சிறுபாலத்தைக் கடந்து, கீழேயுள்ள சின்ன ஏரியில் சேர வேண்டும். அந்தச் சின்ன ஏரியின் ஆயக்கட்டு 60 ஏக்கர். சென்ற ஆண்டு மழையில் சிறுபாலத்தின் ஒரு கண் அடைத்துக்கொண்டு, தண்ணீர் எதிர்த்து ஏறி, அருகிலிருந்த குடியிருப்புக்குள் புகுந்தது. வட்டாட்சியர் இதைக் கூட்டத்தில் எழுப்புகிறார்.

இந்தச் சிறு தூரத்துக்குள் எத்தனை துறைகள் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஆகவே மேல் ஏரி ஒருவரிடம், கீழ் ஏரி இன்னொருவரிடம். சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது. வாய்க்கால் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு இருந்தால் அளந்து சொல்ல வேண்டியது வருவாய்த் துறை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஏரிக்கரையும் கலங்கலும் சரியாக இருப்பதாக நீர்வளத்துறை சொல்லும். வாய்க்காலைத் தூர்வாராததால்தான் பாலத்தில் மண் சேர்கிறது என்று நெடுஞ்சாலைத் துறை சொல்லும். பாலத்துக்குக் கீழே வாய்க்கால் பாதி அகலம்தான் மிஞ்சியிருக்கிறது என்று வட்டார வளர்ச்சி அலுவலர் சொல்வார். எல்லாரும் சொன்னது சரி; தண்ணீர் மட்டும் போகாது.

இதைக் குறிப்பில் எழுத இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி: 'மேற்படி பகுதியில் மழைநீர் தேங்காதவாறு சம்பந்தப்பட்ட துறை அலுவலர்கள் உரிய நடவடிக்கையை உடனடியாக மேற்கொள்ள அறிவுறுத்தப்பட்டது. (நடவடிக்கை: அனைத்துத் துறை அலுவலர்கள்)'. வாசிக்கக் குறையில்லாத வாக்கியம், ஆனால் இதை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. 'சம்பந்தப்பட்ட' என்றால் யார், 'உடனடியாக' என்றால் எந்த நாள், 'உரிய நடவடிக்கை' என்றால் தூர்வாருவதா அளப்பதா என்ற மூன்றுக்கும் அதில் விடையில்லை. நான்கு அலுவலகங்களிலும் பதிவாகி, நான்கிலும் மற்றவருக்காகக் காத்திருக்கும்.

இரண்டாவது வழி அதே அறிவுரையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது. சிறுபாலத்தின் அடைபட்ட கண்ணைத் திறந்து, முன்னும் பின்னும் எடுத்த படங்களுடன் செப்டம்பர் 20-க்குள் அறிக்கை தர வேண்டியவர் நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளர். கலங்கலிலிருந்து பாலம் வரை வாய்க்காலைத் தூர்வாருவது நீர்வளத்துறைச் செயற்பொறியாளர் பொறுப்பு. பாலத்துக்குக் கீழே, சின்ன ஏரி வரை வட்டார வளர்ச்சி அலுவலர். வாய்க்காலை அளந்து எல்லைக்கல் நட வேண்டியவர் வட்டாட்சியர். இந்த நால்வரும் சேர்ந்து கூட்டுப் புலத்தணிக்கை செய்ய ஒரு நாள். அதைக் கூட்டி நடத்தி அறிக்கை தரும் பொறுப்பு வருவாய்க் கோட்டாட்சியருக்கு. ஒரு பத்திக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு நாள், முடிந்ததற்கு ஒரு சான்று. குறிப்பு நீளும், ஆனால் அக்டோபர் முதல் வாரத்தில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

நாள் குறிப்பதிலும் பட்டறிவு வேண்டும். ஆக்கிரமிப்பை ஒரு வாரத்தில் அகற்ற வேண்டும் என்று எழுதிவிடுவது எளிது. புறம்போக்கு நிலத்துக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி முதலில் விளக்கம் கேட்டு 7-ஆம் பிரிவு அறிவிப்பும், பிறகு வெளியேற்ற 6-ஆம் பிரிவு அறிவிப்பும் தர வேண்டும். அந்தப் படிகளைத் தாண்டிச் செய்தால் நீதிமன்றத்தில் நிற்காது. விவரம் தெரிந்த அலுவலர் குறிப்பில் அகற்றும் நாளைப் போடுவதில்லை. அளவை முடியும் நாளையும் அறிவிப்பு சார்வு செய்யும் நாளையும் தனித்தனியே போடுகிறார். அந்த ஆண்டு மழைக்குள் அகற்ற முடியாது என்று தெரிந்தால், மணல் மூட்டைக்கும் மீட்பு முகாமுக்கும் தனிப் பத்தி எழுதுகிறார்.

வினைச்சொல்லிலும் வேறுபாடு உண்டு. ஆட்சியரின் கீழ் இயங்கும் அலுவலருக்கு 'அறிவுறுத்தப்பட்டது'. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போன்ற ஒன்றிய அமைப்புக்குப் பெரும்பாலும் 'கேட்டுக்கொள்ளப்பட்டது'. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஆட்சியர் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர். பேரிடர் நேரத்தில் அச்சட்டம் தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆணையிடலாம், அதை நியாயமான காரணமின்றி மறுப்பது தண்டனைக்குரியது. அத்தகைய ஆணையைச் சட்டப்பிரிவைக் குறிப்பிட்டுத் தனிச் செயல்முறையாக வெளியிடுவதே முறை. அதேபோல, குறிப்பு பணம் கொண்டுவராது. தூர்வார மதிப்பீடும் நிர்வாக ஒப்புதலும் நிதி ஒதுக்கீடும் அதனதன் வழியில் வர வேண்டும். எந்த நிதியிலிருந்து என்பதைக் கூட்டத்திலேயே கேட்டு எழுதிய பத்திதான் விரைவில் வேலையாகிறது.

அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக முந்தைய குறிப்பின் மீதான நடவடிக்கை அறிக்கை எடுக்கப்படும். அதில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்ற பதில் வந்தால், பெரும்பாலும் வேலை தொடங்கவில்லை என்றே கொள்ளலாம். 'இரண்டு கண்களும் திறக்கப்பட்டன, நாள் இது' என்பது பதில். ஒரே பத்தி மூன்று கூட்டங்களின் குறிப்பில் எழுத்து மாறாமல் வந்தால், பொறுப்பாளர் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறார், அல்லது அவரால் முடியாத வேலை அவரிடம் தரப்பட்டிருக்கிறது. இரண்டில் எது என்று கேட்பது தலைமை வகிப்பவரின் வேலை.

இந்தக் குறிப்பைப் பொதுமக்களும் பார்க்கலாம். சட்டத்தில் விலக்களிக்கப்படாத பகுதியை, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்துப் பெறலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கூட்டத்தின் பொருளையும் நாளையும் குறிப்பிட்டு, நடவடிக்கைக் குறிப்பின் நகலோடு அதன் மீது துறைகள் அனுப்பிய நடவடிக்கை அறிக்கைகளின் நகலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முதலாவது யாருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதைக் காட்டும். தன் தெருவில் தண்ணீர் ஏன் மறுபடி நின்றது என்று அறிய வேண்டியவருக்கு இரண்டாவதுதான் தேவை.