தானுந்துக் குளிரூட்டி

தானுந்துக் குளிரூட்டி என்பது ஊர்தியின் உள்ளறையில் உள்ள வெப்பத்தை எடுத்து வெளிக்காற்றில் கொண்டுபோய் விடும் அமைப்பு ஆகும். இது குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகிறது. குழாய்களில் அடைபட்டுச் சுற்றிவரும் குளிர்பொருள் ஓரிடத்தில் ஆவியாகும்போது வெப்பத்தை ஏற்கிறது. வேறோரிடத்தில் நீர்மமாகும்போது அதை விடுகிறது. இந்தியாவில் ஓடும் பெரும்பாலான தானுந்துகளில் ஆர்-134ஏ என்னும் குளிர்பொருள் பயன்படுகிறது.

செயற்படும் முறை

சாதாரண வளியழுத்தத்தில் ஆர்-134ஏ சுழியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியசில் கொதிக்கும். அழுத்தம் உயர்ந்தால் கொதிநிலையும் உயரும். 3.3 பார் அழுத்தத்தில் அது 3 பாகையிலும், 16.8 பார் அழுத்தத்தில் 60 பாகையிலும் கொதிக்கிறது. குளிரூட்டியின் இயக்கம் முழுவதும் இந்த ஒரு பண்பைச் சார்ந்தது.

ஆவியாக்கி, முகப்புப் பலகைக்குப் பின்னால் உள்ளது. அதில் குளிர்பொருள் 3 பாகை அளவில் கொதிக்கிறது. உள்ளறைக் காற்றை ஊதி அதன் தகடுகளின் வழியே செலுத்தும்போது காற்றின் வெப்பம் குளிர்பொருளுக்குச் செல்கிறது. ஆவியான குளிர்பொருளைப் பொறியின் வார்ப்பட்டையால் சுழலும் அமுக்கி (கம்ப்ரசர்) உறிஞ்சி அமுக்குகிறது. அமுக்கத்தால் ஆவியின் வெப்பநிலை 80 பாகையையும் கடக்கிறது. முன்புறத்தில் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள ஒடுக்கியில் (கண்டென்சர்) இந்த ஆவி வெளிக்காற்றுக்கு வெப்பத்தை விட்டு நீர்மமாகிறது. பின்னர் விரிவு வால்வின் குறுகிய வழியில் அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, மீண்டும் ஆவியாக்கியை அடைகிறது.

அமுக்கி ஏன் தேவைப்படுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே தானாகச் செல்லும். 40 பாகை வெயிலுக்கு வெப்பத்தை விட வேண்டுமானால் குளிர்பொருள் அதைவிடச் சூடாக இருக்க வேண்டும். அந்த ஏற்றத்தைத் தருவதே அமுக்கியின் பணி.

ஓர் எடுத்துக்காட்டு

மே மாத நண்பகலில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செல்லும் ஒரு தானுந்தின் உள்ளறையிலிருந்து 4 கிலோவாட்டு வெப்பத்தை அகற்ற வேண்டும் எனக் கொள்வோம். மேற்கூறிய அழுத்தங்களில் ஒவ்வொரு கிலோகிராம் குளிர்பொருளும் ஏறத்தாழ 120 கிலோசூல் வெப்பத்தை ஏற்கும். ஆகவே நொடிக்கு 33 கிராம் குளிர்பொருள் சுற்ற வேண்டும். அமைப்பில் உள்ளது அரைக் கிலோ என்றால், அது முழுவதும் ஏறத்தாழ 15 நொடிக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. அமுக்கி செலவிடும் ஆற்றல் சுமார் 1.7 கிலோவாட்டு. அதுவும் வெப்பமாகவே குளிர்பொருளில் சேர்வதால் ஒடுக்கி 5.7 கிலோவாட்டை வெளியேற்ற வேண்டும்.

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் கடற்காற்று அங்கு தாமதமாகவே வந்து சேர்கிறது. அதுவரை வீசும் வறண்ட மேற்குக் காற்று ஒடுக்கிக்குச் சுமையாகிறது. 2003 மே மாத இறுதியில் சென்னையில் வெப்பநிலை 45 பாகையைத் தொட்டது. அத்தகைய நாளில் ஒடுக்கி 65 பாகை அளவில் இயங்க வேண்டியிருக்கும். அழுத்தம் 19 பாரை நெருங்கும்.

கடற்காற்று வந்தபின் வெப்பநிலை தணிந்தாலும் ஈரப்பதம் கூடுகிறது. அந்த ஈரம் ஆவியாக்கியின் மேல் நீராகப் படிந்து, வண்டியின் அடியில் சொட்டுகிறது. ஒரு லிட்டர் நீர் இவ்வாறு படியும்போது ஏறத்தாழ 2,450 கிலோசூல் வெப்பத்தை விடுகிறது. இது மேற்கூறிய குளிரூட்டியின் பத்து நிமிட உழைப்புக்குச் சமம். எனவே சொட்டும் நீர் பழுதின் அறிகுறி அன்று.

பழுதுகளை அறிதல்

புறவழிச்சாலையில் ஓடும்போது நன்கு குளிர்ந்து, பாடி சந்திப்பு போன்ற நெரிசலில் நிற்கும்போது வெப்பக்காற்று வந்தால் முதலில் ஒடுக்கியைப் பார்க்க வேண்டும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே ஒடுக்கியைக் குளிர்விக்கிறது. நிற்கும் வண்டியில் மின்விசிறி மட்டுமே உதவி. விசிறி சுழலாவிட்டாலோ தகடுகளில் தூசி அடைத்திருந்தாலோ அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஏறத்தாழ 30 பாரை எட்டும்போது அழுத்த நிலைமாற்றி அமுக்கியை நிறுத்திவிடும். ஒடுக்கியின் மேல் நீரை ஊற்றியதும் குளிர்ச்சி திரும்பினால் குறை அங்கேதான் உள்ளது. பொறி மெதுவாகச் சுழல்வதால் நிற்கும்போது குளிர்ச்சி சிறிதளவு குறைவது இயல்பே.

வண்டி ஓடினாலும் நின்றாலும் குளிர்ச்சி குறைவாகவே இருந்து, இருபுற அழுத்தங்களும் தாழ்ந்திருந்தால் குளிர்பொருள் கசிந்திருக்கக்கூடும். அமுக்கியின் மசகெண்ணெய் குளிர்பொருளுடன் கலந்தே சுற்றுவதால், கசியும் இணைப்பில் எண்ணெய்க் கறை தெரியும். கசிவை அடைக்காமல் மீண்டும் நிரப்புவது பயனற்றது, தீங்கும் ஆகும். ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கார்பன்-டை-ஆக்சைடைவிட 1,300 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்க வல்லது.

முதலில் குளிர்ந்து, சிறிது நேரத்தில் காற்றின் வேகமே குறைந்தால் ஆவியாக்கியில் பனி உறைந்திருக்கலாம். அமுக்கியை நிறுத்தி ஊதியை மட்டும் ஓடவிட்டால் பனி உருகி, காற்று பழைய வேகத்துக்குத் திரும்பும். அடைபட்ட உள்ளறை வடிகட்டியோ, பழுதான வெப்பநிலை உணரியோ இதற்குப் பொதுவான காரணமாகும்.