தனுஷ்கோடிப் படத்துக்கு எந்த ஊரின் பெயர்?

அரிச்சல்முனையில் சாலை முடியும் இடத்தில் நின்று, இடக்குறிப்பு இயங்கும் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கிறீர்கள். நீங்கள் பார்ப்பது கடலையும் மணலையும். படக்கோப்புக்குள்ளோ கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு எண்களும் பதிவாகின்றன. ஏறத்தாழ 9 பாகை 9 நிமிடம் 6 நொடி வடக்கு, 79 பாகை 26 நிமிடம் 45 நொடி கிழக்கு. ஊர்ப்பெயர் எதுவும் அந்தக் கோப்பில் எழுதப்படுவதில்லை. படத்தை ‘ராமேஸ்வரம்’ என்ற ஃபோல்டருக்குள் ஒரு மென்பொருள் கொண்டுபோய் வைக்கிறது என்றால், அந்தப் பெயர் வேறெங்கோ இருந்து வந்திருக்க வேண்டும்.

அது ஒரு பட்டியலிலிருந்து வருகிறது. ஜியோநேம்ஸ் என்ற திட்டம் உலகத்து ஊர்களின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, மாநிலம், மாவட்டம், மக்கள்தொகை ஆகியவற்றைத் தொகுத்து யாரும் பதிவிறக்கிக்கொள்ளும்படி தருகிறது. 500 பேருக்கு மேல் வாழும் ஊர்கள், 1,000 பேருக்கு மேல், 5,000 பேருக்கு மேல், 15,000 பேருக்கு மேல் என்று நான்கு அளவுகளில் கோப்புகள் உண்டு. 15,000 பேர் பட்டியலில் ஏறத்தாழ 25,000 ஊர்கள்தான். 500 பேர் பட்டியலில் அதைப்போல் பல மடங்கு. எதை எடுத்தாலும் கோப்பு அவ்வளவு பெரிதல்ல. கணினியில் ஒருமுறை இறக்கிவைத்துவிட்டால் பிறகு இணையமே வேண்டாம்.

இணையத்தில் இதே வேலையைச் செய்துதரும் சேவைகள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். முதல் காரணம் அந்தரங்கம். குடும்பப் படங்களின் இடக்குறிப்புகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினால், உங்கள் வீடு எங்கே, பிள்ளைகளின் பள்ளி எங்கே, எந்த மாதம் எந்த ஊரில் இருந்தீர்கள் என்பதெல்லாம் அந்தச் சேவைக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது காரணம் நேரம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைச் சார்ந்த நாமினாட்டிம் பொதுச் சேவை, நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. பத்தாயிரம் படங்கள் இருந்தால் கேள்விகளை அனுப்பவே கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். உள்ளூர்ப் பட்டியலுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

பட்டியலை வைத்துக்கொண்டு மென்பொருள் செய்யும் கணக்கு எளிமையானது. முதலில் பாகை, நிமிடம், நொடியை ஒரே தசம எண்ணாக மாற்றுகிறது. நிமிடத்தை 60 ஆலும் நொடியை 3,600 ஆலும் வகுத்துக் கூட்டினால், நம் படம் 9.1517, 79.4458 என்று ஆகிறது. பிறகு பட்டியலில் உள்ள ஊர்களில் எது இந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருக்கிறது என்று பார்க்கிறது. ராமேஸ்வரம் ஏறத்தாழ 9.288, 79.313. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 21 கிலோமீட்டர். அதைவிடக் கிட்டத்தில் பட்டியலில் வேறு ஊர் இல்லையென்றால் படத்துக்கு ராமேஸ்வரம் என்று பெயர்.

தனுஷ்கோடிக்கே ஏன் அந்தப் பெயர் கிடைக்கவில்லை? 1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அழித்தது. மக்கள்தொகையை வைத்துத் தொகுத்த பட்டியலில், குடியிருப்பு அற்றுப்போன ஊருக்கு இடமிருக்காது. கோயில் மலை, அருவி, அணைக்கட்டு, சரணாலயம் என்று நாம் அதிகம் படமெடுக்கும் இடங்கள் பலவற்றுக்கும் இதே நிலைதான். மென்பொருள் சொல்வது ‘நீங்கள் இருந்த இடம்’ அல்ல; ‘பட்டியலில் உங்களுக்கு மிக அருகில் இருந்த புள்ளி’. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் குழப்பங்கள் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

அதே படத்தை இன்னொரு பட்டியலோடு பொருத்திப் பார்க்கலாம். ஃபோல்டர்கள் பெருகாமல் இருக்க, 50,000 பேருக்கு மேல் வாழும் ஊர்கள் மட்டும் போதும் என்று ஒருவர் முடிவு செய்கிறார் என்று வையுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி ராமேஸ்வரத்தின் மக்கள்தொகை 44,856. அந்த எண்ணை வைத்து வடிகட்டினால் ராமேஸ்வரம் விழுந்துவிடும். 61,440 பேர் கொண்ட ராமநாதபுரம் தங்கும். அது அரிச்சல்முனையிலிருந்து ஏறத்தாழ 72 கிலோமீட்டர். ஆனால் பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின் மன்னார் நகரம் சுமார் 54 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. வடிகட்டியில் மன்னார் தப்பிவிட்டால் படம் இலங்கை ஃபோல்டருக்குப் போய்விடும். நடுவில் கடல் இருப்பதும், அது வேறு நாடு என்பதும் இந்தக் கணக்குக்குத் தெரியாது. அதன் கையில் இருப்பவை புள்ளிகளும் அவற்றுக்கு இடையிலான தூரமும் மட்டுமே.

எல்லைகளிலும் இதுதான் நடக்கும். தேக்கடி ஏரியில் படகிலிருந்து எடுத்த படம் கேரளத்தைச் சேர்ந்தது. பக்கத்துக் குமுளி உங்கள் பட்டியலில் இல்லாவிட்டால், மலைக்குக் கீழே தேனி மாவட்டத்துக் கூடலூர் அதை இழுத்துக்கொள்ளலாம். மாநிலம் தவறாமல் வேண்டும் என்றால் மாநில எல்லைக்கோடுகளையே கொண்ட வரைபடக் கோப்பு தேவை. அது வேறு வகைக் கணக்கு, கோப்பும் பெரிது. வீட்டுப் படங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. எல்லையோரப் பயணப் படங்களை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

கூடலூர் என்றதும் இன்னொரு சிக்கல் எழுகிறது. நீலகிரியிலும் ஒரு கூடலூர் உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் ஃபோல்டருக்கு வைத்தால், முதுமலைக்குப் போனபோது எடுத்த படங்களும் கம்பம் பள்ளத்தாக்கில் எடுத்த படங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. வேலை ஒழுங்காக முடிந்ததுபோலவே தோன்றும். தமிழ்நாட்டில் திருப்பத்தூர், புதூர் என்று ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதால், மாநிலம், மாவட்டம், ஊர் என்று மூன்றடுக்காகத்தான் ஃபோல்டர் அமைக்க வேண்டும்.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். ஃபில் ஹார்வி உருவாக்கிய எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியில், 2024-ல் வந்த 12.78 பதிப்பு முதல் ஜியோநேம்ஸ் தரவிலிருந்து தொகுத்த ஊர்ப்பட்டியல் உள்ளேயே இருக்கிறது. படங்களை இடம் மாற்றும் முன்பு, என்ன பதில் வருகிறது என்று முதலில் பாருங்கள்:

```
exiftool -r -api geolocation -GPSPosition -GeolocationCity -GeolocationDistance Photos
```

ஒவ்வொரு படத்துக்கும் இடக்குறிப்பு, ஊர், அந்த ஊருக்கு உள்ள தூரம் ஆகியவை திரையில் வரும். இவற்றில் பலரும் பார்க்காமல் விடுவது தூரம். நான் முதலில் பார்ப்பது அதைத்தான், ஏனென்றால் தவறுகள் அங்கேதான் வெளிப்படும். ஊருக்குள் எடுத்த படத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வரும். மலையிலோ காட்டிலோ எடுத்ததற்கு இருபது, முப்பது வரலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் பெயரைவிட எண்ணையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அப்படி வருவதற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு. ஒன்று, இடம் தெரியாத கருவியோ மென்பொருளோ வெற்றிடம் விடாமல் 0, 0 என்று எழுதிவிடுவது. அந்தப் புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், நடுக்கடலில் இருக்கிறது. அதனால் நம் வீட்டுக் கொலுப் படத்துக்கு ஐநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கானா நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றின் பெயர் கிடைக்கும். மற்றொன்று, திசை எழுத்தை விட்டுவிடுவது. எக்ஸிஃப் குறிப்பில் பாகையும் திசையும் தனித்தனியாகவே இருக்கின்றன. சிட்னியில் எடுத்த படத்தில் ‘தெற்கு’ என்பதைக் கவனிக்காத நிரல், 33.87 பாகையை வடக்கு என்று எடுத்துக்கொண்டு ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் போய் நிற்கும். அருகிலுள்ள ஊராக அது சொல்லும் ஜப்பானியக் கரையோர ஊர், அந்தப் புள்ளியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கும் தொலைவில் இருக்கும். இந்தியா முழுவதும் வடக்கும் கிழக்குமாக இருப்பதால், நம் ஊர்ப் படங்களை மட்டும் வைத்துச் சோதித்த நிரலில் இந்தப் பிழை தெரியவே தெரியாது.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பாகைகளின் வித்தியாசத்தையே தூரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் தீர்க்கரேகை ஒரு பாகை ஏறத்தாழ 109 கிலோமீட்டர், அட்சரேகை ஒரு பாகை 110-ஐ ஒட்டியது. அதனால் தவறு தெரியாது. ஆஸ்லோவில் தீர்க்கரேகை ஒரு பாகை சுமார் 56 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். அங்கே கிழக்கு மேற்காக உள்ள ஊர்கள் இருமடங்கு தள்ளி இருப்பதுபோலத் தோன்றி, பதில் மாறிப்போகும். கோளத்தின் மேல் தூரம் காணும் ஹேவர்சைன் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் இது தீரும்.

பட்டியலைப் பார்த்துத் திருப்தி வந்த பிறகு, அடுத்த கட்டளை:

```
exiftool -r -o . -api geolocation -api GeolocMaxDist=25 '-Directory<Sorted/$GeolocationRegion/$GeolocationSubregion/$GeolocationCity' Photos
```

விண்டோஸில் ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள் இட வேண்டும். `-o .` என்பது இருப்பதால் படங்கள் நகர்த்தப்படாமல் நகலெடுக்கப்படும். மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 25 என்பது தூர வரம்பு. அதற்குள் ஊர் எதுவும் இல்லையென்றால் அந்தப் படத்துக்குப் பெயர் கிடைக்காது, புதிய ஃபோல்டருக்கும் போகாது. அரிச்சல்முனைப் படம் 21 கிலோமீட்டரில் தேறிவிடும், கானாவுக்குப் போன கொலுப் படம் தேறாது. ஒரே பெயருள்ள இரண்டு படங்கள் ஒரே ஃபோல்டருக்கு வந்தால் கருவி பழையதை அழிக்காமல் இரண்டாவதை மறுத்துவிடும். வீட்டில் இரண்டு கைப்பேசிகளின் படங்களைச் சேர்க்கும்போது இது நேரும். திரையில் வரும் எச்சரிக்கைகளைப் படித்து அவற்றுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

ரயில் பயணப் படங்கள் தனித் தொல்லை. ஜன்னலோரத்தில் எடுத்த ஒவ்வொரு படமும் ஒவ்வோர் ஊருக்குப் போய், ஒற்றைப் படம் கொண்ட ஃபோல்டர்களாகச் சிதறும். மக்கள்தொகை வரம்பை `GeolocMinPop` மூலம் உயர்த்தி அவற்றை மட்டும் தனியாக ஓட்டலாம். எல்லாப் படங்களுக்கும் சேர்த்து உயர்த்தினால் ராமேஸ்வரத்துக்கு நேர்ந்ததுதான் மற்றச் சிற்றூர்களுக்கும் நேரும்.

இத்தனைக்குப் பிறகும் மூல ஃபோல்டரில் பெரிய கூட்டம் ஒன்று பெயரில்லாமல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பில் வந்த படங்களாக இருக்கும். படமாக அனுப்பும்போது இடக்குறிப்பு நீக்கப்பட்டுவிடுகிறது. இழந்ததைக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. உறவினர் எடுத்த கல்யாணப் படங்கள் ஊரோடு வேண்டும் என்றால், அவரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்; அப்போது கோப்பு அப்படியே வரும். மற்றவற்றுக்கு, எடுத்த நேரமாவது பதிவாகி இருந்தால், அதே மணிநேரத்தில் உங்கள் கைப்பேசியில் எடுத்த படம் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்து அதனோடு சேர்க்கலாம். இடக்குறிப்பு இல்லாத கேமராவில் எடுத்த படங்களுக்கும் இதே வழிதான். அதற்கு முன்பு கேமராவின் கடிகாரம் எந்த நாட்டு நேரத்தில் ஓடியது என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்திய நேரத்திலேயே விட்ட கேமராவோடு சிங்கப்பூர் போயிருந்தால், படங்கள் இரண்டரை மணி நேரம் பின்தங்கியே நிற்கும்.