பத்தாம் நம்பர் கோலத்துக்கு விழுந்த ஓட்டு எங்கே போச்சு? 1️⃣ 🔟 ① எமோஜிகளின் கதை

பொங்கல் வந்தா போதும், தேனியில இருந்து கூடலூர் வரைக்கும் ஃபேமிலி குரூப், தெரு குரூப் எல்லாத்துலயும் கோலப் போட்டி களைகட்டிடும். போட்டோவுக்கு மேல 1️⃣, 2️⃣ன்னு நம்பர் போடுறது, "பிடிச்ச கோலத்தோட நம்பரை அனுப்புங்க"ன்னு சொல்றது, சாயங்காலம் ரிசல்ட். இவ்வளவுதான் விஷயம்னு நினைச்சா, அங்கதான் ஒரு சின்ன வில்லங்கம் இருக்கு.

சின்னமனூர்ல ஒரு குரூப்னு வெச்சுக்குவோம். 14 கோலங்கள், 40 ஓட்டுகள். போட்டி நடத்துற அக்கா உஷார் பார்ட்டி. ஓட்டு மெசேஜ்களை எல்லாம் கூகுள் ஷீட்ல ஒட்டி, எண்களை மட்டும் பிரிச்செடுக்க இந்த ஃபார்முலாவைப் போடுறாங்க:

```
=REGEXREPLACE(A2,"[^0-9]","")
```

எண் அல்லாத எல்லாத்தையும் நீக்கிடுன்னு இதுக்கு அர்த்தம். 4️⃣ன்னு வந்தது 4 ஆகுது, 1️⃣2️⃣ன்னு வந்தது 12 ஆகுது. சூப்பர். 12-ம் நம்பர் கோலம் 8 ஓட்டு வாங்கி முதலிடம். ஆனா, நிஜத்துல 10-ம் நம்பர் கோலத்துக்குத்தான் 9 பேர் ஓட்டுப் போட்டிருந்தாங்க. ஷீட்ல அதுக்கு விழுந்தது வெறும் 2. மீதி 7 கட்டமும் காலி!

காரணம், அந்த 7 பேரும் 🔟 எமோஜியை அழுத்தியிருக்காங்க. 2 பேர் மட்டும் 1️⃣0️⃣ன்னு தனித்தனியா போட்டிருக்காங்க. பார்க்க ரெண்டும் பத்துதான். போனுக்கு ரெண்டும் வேற வேற.

1️⃣ன்னு நாம பார்க்கிறது உண்மையில ஒரே எழுத்து இல்லைங்க. மூணு துண்டு சேர்ந்தது. முதல்ல சாதாரண 1. அடுத்து, "இதை எமோஜியா காட்டு"ன்னு சொல்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. கடைசியா, எண்ணைச் சுத்திக் கட்டம் போடுற ஒரு குறி (யூனிகோடுல U+20E3). நம்ம 'கொ'வுல கொம்பும் காலும் சேர்ற மாதிரின்னு வெச்சுக்கோங்க. சில பழைய போன்கள்ல 1-க்குப் பக்கத்துல வெறும் கட்டம் மட்டும் தனியா நிக்கும், பார்த்திருப்பீங்க. அது துண்டுகள் சேராம போனதோட விளைவு. உள்ளே நிஜமான 1 இருக்கிறதாலதான் ஃபார்முலா அதைக் கண்டுபிடிக்குது. 🔟 அப்படி இல்லை. 2010-ல் வந்த யூனிகோடு 6.0-ல் தனி எழுத்தாகவே சேர்த்தது. உள்ளே 1-ம் கிடையாது, 0-வும் கிடையாது. ஃபார்முலா அதைத் துடைச்சுப் போட்டுடும்.

சரி, 11-க்கு ஏன் தனிக் கட்டம் இல்லை? இது பட்டன் போன் காலத்து மிச்சம். 1999-ல் ஜப்பானில் டோகோமோ நிறுவனம் ஐ-மோடு சேவையைத் தொடங்கியபோது, மெனுவில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால கட்டம் போட்ட எண் இருக்கும். போன்ல அந்த பட்டனை அழுத்தினா அந்தப் பக்கம் திறக்கும். பட்டன் போன்ல 11-ன்னு கீ ஏது? கூட இருக்கிற #️⃣, *️⃣ ரெண்டும்கூட அந்த கீபேடு வாசனைதான். தமிழ் எண்ணான ௧-க்கும் இந்தக் கட்டம் கிடையாது. (எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்!)

14 கோலத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒருத்தர் 1️⃣2️⃣ன்னு அனுப்பினா அது 12-ஆ, இல்லை "1-ம் பிடிச்சிருக்கு, 2-ம் பிடிச்சிருக்கு"வா? ஃபார்முலா கண்ணை மூடிக்கிட்டு 12-ன்னு எழுதிடும். நம்ம சின்னமனூர் அக்கா கணக்குல 12-க்கு விழுந்த 8-ல் எத்தனை நிஜம்னு, அனுப்பினவங்களைக் கேட்டாத்தான் தெரியும். ரியாக்‌ஷன்ல ஓட்டுன்னா இன்னும் மோசம். ஒரு மெசேஜுக்கு ஒருத்தர் ஒரு எமோஜிதான் வைக்க முடியும்கிறதால, 12-ஐ வைக்க வழியே இல்லை.

வட்டத்துக்குள்ள இருக்கிற ①, ⑫ வகையறா இந்த இடத்துல கைகொடுக்கும். ⑫ ஒரே எழுத்து, குழப்பம் இல்லை. ㊿ வரைக்கும் உண்டு. ஆனா 21-க்கு மேல உள்ளவை 2002-ல்தான் யூனிகோடுக்கு வந்தன. அதனால சில போன்ல ⑳ ஒரு சைஸ்லயும் ㉑ வேற சைஸ்லயும் தெரியலாம். இவை எமோஜி கிடையாது, சாதாரண எழுத்து வகை. எமோஜி பட்டியல்ல தேடினா கிடைக்காது, எங்கிருந்தாவது காப்பி பண்ணணும். மேல சொன்ன ஃபார்முலா இதையும் துடைச்சிடும். பொடி எழுத்து வேற, அப்பத்தாவுக்குக் கண்ணாடி தேவைப்படும்.

அதனால எண்ணிப் பார்க்கிற இடத்துல சாதா எண்ணே பெஸ்ட். போட்டோவுல 🔟 போட்டாலும், "ஓட்டை 10-ன்னு கீபோர்டு எண்ல மட்டும் அனுப்புங்க"ன்னு முதல் மெசேஜ்லயே சொல்லிடுங்க. 12 கோலத்துக்குள்ள இருந்தா வாட்ஸ்அப் 'போல்' போதும், அதுவே எண்ணிக்கும்.

வரிசை மட்டும் காட்டுற இடத்துல 1️⃣ 2️⃣ தாராளமா போடலாம். 1️⃣ தேனி 2️⃣ வீரபாண்டி 3️⃣ சின்னமனூர் 4️⃣ உத்தமபாளையம் 5️⃣ கம்பம்னு பஸ் ரூட் அனுப்பினா யாரும் அதைக் கூட்டிக் கழிக்கப் போறதில்லை. குமுளி வரைக்கும் போனாலும் 9️⃣-ஐத் தாண்டாம முடிச்சிடலாம்.