முந்நூறு பேர், ஆளுக்கு நூறு டாலர்: ஒரு புத்தகக் கடை தன் வாசகர்களிடம் கேட்ட விதம்

சான் பிரான்சிஸ்கோ நகரின் வலென்சியா தெருவில் ‘பார்டர்லேண்ட்ஸ் புக்ஸ்’ என்றொரு கடை இருந்தது. அறிவியல் புனைகதை, மாயப் புனைவு, திகில் கதை ஆகியவற்றுக்கென்றே 1997இல் தொடங்கப்பட்ட கடை. 2015 பிப்ரவரி தொடக்கத்தில் அதன் உரிமையாளர் ஆலன் பீட்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மார்ச் 31க்குள் கடையை மூடப்போகிறோம் என்பது செய்தி. மூன்று வாரம் கழிவதற்குள் அந்த முடிவு மாறியது. அதை மாற்றியது வாசகர்களிடம் வைக்கப்பட்ட ஒரு வேண்டுகோள். புத்தகக் கடைக்காக மக்களிடம் நிதி திரட்ட நினைக்கும் எவரும் அதன் கட்டமைப்பை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடையின் சிக்கல் எளிமையானது. 2014 நவம்பரில் நகர வாக்காளர்கள் குறைந்தபட்ச ஊதியத்தை 2018க்குள் படிப்படியாக மணிக்கு 15 டாலராக உயர்த்த ஒப்புதல் தந்தார்கள். ஊழியர்களுக்கு நல்ல சம்பளம் கிடைப்பதை பீட்ஸ் எதிர்க்கவில்லை, வரவேற்கவே செய்தார். ஆனால் உணவகம் தோசையின் விலையை ஏற்றலாம், புத்தகக் கடையால் முடியாது. விலை அட்டையிலேயே அச்சாகியிருக்கும். அதை முடிவு செய்பவர் பதிப்பாளர். சம்பளச் செலவு ஏறத்தாழ 39 சதவீதம் கூடும், மொத்த நடைமுறைச் செலவு 18 சதவீதம் கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 2013இல் கடைக்குக் கிடைத்த லாபம் சுமார் 3,000 டாலர். புதிய ஊதியம் முழுமையாக வந்ததும் ஆண்டுக்குச் சுமார் 25,000 டாலர் நஷ்டம் வரும். இந்த எண்களை அவர் அறிவிப்பிலேயே வெளிப்படையாக எழுதினார்.

பிறகு கடையின் காபி அறையில் வாசகர்கள் கூட்டம் நடந்தது. அதிலிருந்து எழுந்த திட்டத்தை பிப்ரவரி 19 அன்று வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 100 டாலர் தரும் 300 புரவலர்கள் வேண்டும். மார்ச் 31க்குள் 300 பேர் சேர்ந்தால் அந்த ஆண்டு முழுக்கக் கடை நடக்கும், சேராவிட்டால் மூடப்படும். அடுத்த ஆண்டும் இதே கேள்வி வாசகர்கள் முன் வைக்கப்படும். நாற்பது நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். இரண்டே நாளில் 300 பேர் சேர்ந்துவிட்டார்கள்.

300 பேரிடமிருந்து ஆளுக்கு 100 டாலர் என்றால் 30,000 டாலர். எதிர்பார்த்த நஷ்டம் 25,000. இலக்குத் தொகை நஷ்டத்தை அடைத்து, எதிர்பாராத செலவுக்குக் கொஞ்சம் மிச்சமும் வைக்கிறது. எந்தப் பள்ளத்தை நிரப்பப் பணம் கேட்கிறார்கள், அதன் ஆழம் எவ்வளவு என்பது முதலிலேயே சொல்லப்பட்டிருந்தது. அதனால் 30,000 என்ற எண்ணுக்குத் தனியாக விளக்கம் தேவைப்படவில்லை. ‘கடையைக் காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதி, கீழே ஒரு பெரிய முழு எண்ணைப் போடும் வேண்டுகோள்கள் தடுமாறுவது இங்கேதான். படிப்பவருக்கு உடனே இரண்டு கேள்விகள் எழும். ஏன் இவ்வளவு? பாதி மட்டும் சேர்ந்தால் என் பணம் என்ன ஆகும்? இரண்டுக்கும் பதில் அந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு நிதி திரட்டும் தளங்கள் இரண்டு வகையாகப் பதில் சொல்கின்றன. கிக்ஸ்டார்ட்டர் போன்றவற்றில் இலக்கை எட்டினால்தான் பணம் எடுக்கப்படும், எட்டாவிட்டால் யாரிடமும் ஒரு காசும் பிடிக்க மாட்டார்கள். வேறு தளங்களில் சேர்ந்தது எவ்வளவானாலும் கடைக்கே போய்விடும். கடையை இடம் மாற்றுவது போன்ற வேலைக்கு முதல் வகையே பொருத்தம். பாதிப் பணத்தில் பாதிக் கடையை மாற்ற முடியாது அல்லவா? இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்தால், குறைந்த தொகை சேர்ந்தால் எதை மட்டும் செய்வோம் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது கைம்மாறு. பார்டர்லேண்ட்ஸ் தன் புரவலர்களுக்கு எழுத்தாளர் சந்திப்புகளில் இருக்கை ஒதுக்கியது. அரிய பழைய நூல்கள் விற்பனைக்கு வரும்போது முதலில் பார்க்கும் வாய்ப்பு தந்தது. புரவலர்களுக்கான கூடுகைகளுக்கு அழைத்தது. கடை நேரம் முடிந்தபின் சொந்த நிகழ்ச்சிக்கு இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் வழி செய்தது. இவை பெரும்பாலும் கடையிடம் ஏற்கெனவே இருப்பவை, தருவதற்குக் கையிலிருந்து அதிகம் போகாது. ஆனால் அந்தக் கடையை நேசிக்கும் வாசகருக்கு வேறெங்கும் கிடைக்காதவை.

இதே முறையில் நம் ஊர்ச் சிறு கடை ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, வழிமுறை உண்மை. கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். புதிய இடத்துக்கு முன்பணம் 2,00,000 ரூபாய், அலமாரிகள் 90,000, மின்வேலை 35,000, வண்டிச் செலவு 15,000. ஆக மொத்தம் 3,40,000. கடைக்காரர் கையில் இருப்பது 85,000. தேவை 2,55,000.

ஆனால் 2,55,000 என்று கேட்டால் பற்றாக்குறைதான் வரும். திரளும் பணத்தில் ஒரு பகுதி கைம்மாறுக்கும் தபாலுக்கும் தளத்தின் கட்டணத்துக்கும் போய்விடும். கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கிறது, பணப் பரிமாற்றத்துக்குத் தனியாகச் சுமார் 3 சதவீதம் போகிறது. நம் கணக்கிலும் 8 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் படி 500 ரூபாய். கையால் எழுதிய நன்றி அட்டையும், கடைச் சுவரில் பெயரும். செலவு ஆளுக்கு 20 ரூபாய். இரண்டாம் படி 1,500. அட்டை விலை 400 ரூபாய் வரையுள்ள ஒரு புத்தகத்தை வாசகரே தேர்ந்தெடுக்கலாம். பதிப்பாளர் 30 சதவீதம் கழிவு தருகிறார் என்றால் கடைக்கு அது 280, தபாலுக்கு 70, ஆக 350. மூன்றாம் படி 5,000. ஒரு மாலை கடையின் வாசிப்பு இடத்தில் அவர் விரும்பும் நிகழ்ச்சியை நடத்தலாம், தேநீருக்கு 250. நான்காம் படி 20,000. ஓர் அலமாரியில் அவர் சொல்லும் பெயரில் சிறு பலகை, செலவு 600.

முதல் படியில் 160 பேர், இரண்டாவதில் 80, மூன்றாவதில் 16, நான்காவதில் இருவர் சேர்ந்தால் 3,20,000 ரூபாய் வரும். கைம்மாறுக்கு 36,400, தளக் கட்டணம் 25,600 கழிந்தால் மிஞ்சுவது 2,58,000. தேவைக்கு 3,000 அதிகம். ஆகவே அறிவிக்க வேண்டிய இலக்கு 3,20,000.

இந்தக் கணக்கில் பணத்தை விட முக்கியமான எண் ஒன்று உண்டு. சேர வேண்டியவர்கள் 258 பேர். கடையின் வாடிக்கையாளர் பட்டியலில், பெயர் சொன்னால் முகம் நினைவுக்கு வருபவர்கள் அதைப்போல இரண்டு மூன்று மடங்காவது இருக்கிறார்களா என்று தொடங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இலக்கைக் குறைக்க வேண்டும், அல்லது ஆட்களைச் சேர்த்த பிறகு தொடங்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் வந்து நிரப்புவார்கள் என்று நம்பி ஆரம்பிப்பதே பெரும்பாலும் கவிழ்த்துவிடும். முதல் வாரத்திலேயே நகராத எண்ணைப் பார்க்கும் புதியவர், தானும் நகர்ந்துவிடுவார்.

படிகளை வைப்பதில் வழக்கமாக நடக்கும் பிழை, சிறிய தொகைக்குப் பெரிய பொருளைத் தருவது. 500 ரூபாய்க்கு 300 ரூபாய்ப் புத்தகம் தருவதாகச் சொன்னால் புத்தகத்துக்கு 210, தபாலுக்கு 70, தளத்துக்கு 40 போய் 180தான் கடைக்கு நிற்கும். நிறையப் பேர் சேருவது அந்தப் படியில்தான் என்பதால், ஆள் கூடக் கூடக் கட்டு கட்டும் வேலைதான் பெருகும். ஒவ்வொரு படிக்கும் கழிவு போக எவ்வளவு நிற்கிறது என்று தனித்தனியே எழுதிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

இனி வாசகம். மேலே சொன்ன கடைக்கு நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

“நம் கடை இருக்கும் கட்டடத்தை ஜூன் 30க்குள் காலி செய்ய வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஓர் இடம் பார்த்துவிட்டோம். முன்பணம், அலமாரி, மின்வேலை, வண்டி எல்லாம் சேர்த்து 3,40,000 ரூபாய் ஆகும். எங்களிடம் 85,000 இருக்கிறது. மீதிக்கும், உங்களுக்கு அனுப்பும் நூல்களுக்கும், தளத்தின் கட்டணத்துக்கும் சேர்த்து மே 31க்குள் 3,20,000 ரூபாய் வேண்டும். அது சேர்ந்தால் ஜூலை முதல் வாரத்தில் புதிய இடத்தில் கடை திறக்கும். சேராவிட்டால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கும், நாங்கள் கடையை நிறுத்திவிடுவோம்.”

எவ்வளவு, எதற்கு, எப்போதுக்குள், சேராவிட்டால் என்ன என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. கடையின் வரலாறும் வாசகர் நினைவுகளும் இதற்குக் கீழே வரலாம். அவற்றை மேலே போட்டால், கைப்பேசியில் படிப்பவர் தொகையைப் பார்க்காமலே போய்விடுவார். கைம்மாறு எந்த மாதத்துக்குள் வந்து சேரும் என்பதையும் படிக்குப் படி எழுத வேண்டும். இடம் மாற்றும் களேபரத்தில் எண்பது கட்டுகளை அனுப்ப முடியாது. ஆகஸ்ட் என்று எழுதிவிட்டு ஜூலையிலேயே அனுப்பிவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

சொற்களிலும் கவனம் தேவை. லாப நோக்கில் நடக்கும் கடைக்குத் தரும் பணத்துக்கு 80ஜி வருமான வரிச் சலுகை கிடையாது. ‘நன்கொடை’ என்ற சொல்லைப் பார்த்துச் சிலர் சலுகை உண்டென்று நினைத்துவிடலாம், இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ‘கடனாகத் தாருங்கள், திருப்பித் தருகிறோம்’ என்ற வாசகம் இன்னும் ஆபத்தானது. பார்டர்லேண்ட்ஸ் 2017இல் வாடிக்கையாளர்களிடமே சுமார் 19 லட்சம் டாலர் கடன் திரட்டி ஹெய்ட் தெருவில் சொந்தக் கட்டடம் வாங்கியது. அதைப் படித்துவிட்டு இங்கே அப்படியே செய்ய முடியாது. பொதுமக்களிடம் கண்டபடி வைப்புத் தொகை பெறுவதைத் தடுக்க இந்தியாவில் 2019இல் ஒரு சட்டமே வந்திருக்கிறது. கடன், பங்கு என்ற சொற்கள் வருவதற்கு முன் வழக்கறிஞரையும் கணக்காளரையும் பார்த்துவிட வேண்டும்.

அந்த 19 லட்சத்தை நம்பிக் கொடுக்க ஆட்கள் இருந்ததற்கு 2015இன் 30,000 டாலரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கடை ஒவ்வோர் ஆண்டும் புரவலர்கள் முன் வந்து மறுபடி கேட்டது, அவர்களும் தந்தார்கள். பணம் சேர்ந்த பிறகும் வேண்டுகோள் முடிந்துவிடுவதில்லை. முன்பணத்துக்கு 2,00,000 போனது, மின்வேலை 35,000 என்றிருந்தது 41,000 ஆனது, மிச்சமிருந்த 3,000 அதில் போய், மேற்கொண்டு 3,000 கைப்பணம் போட்டோம் என்று கடைத்திறப்பு அன்று பணம் தந்த 258 பேருக்கும் எழுதி அனுப்ப வேண்டும். அடுத்த முறை கேட்க நேர்ந்தால் அவர்கள் முதலில் நினைத்துப் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான்.