பங்கு மாறியது, வரி ஏன் வரவில்லை?

2023 ஜூலை 1-ஆம் தேதி, வீட்டுக்கடன் கொடுத்துவந்த எச்.டி.எஃப்.சி. நிறுவனம் எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்து மறைந்துபோனது. அதன் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு 25 பங்குக்கு 42 வங்கிப் பங்குகள் என்ற கணக்கில் டீமேட் கணக்கில் வந்து சேர்ந்தன. பழைய பங்கு போய்ப் புதுப் பங்கு வந்தாயிற்றே, இது விற்றதற்குச் சமம்தானே, வரி கட்ட வேண்டாமா என்று பலர் குழம்பினார்கள்.

சட்டத்தின் பார்வையில் அந்தச் சந்தேகம் நியாயமானதே. வருமான வரிச் சட்டத்தில் சொத்தை விற்பது மட்டும் கைமாற்றம் ஆகாது. ஒரு பொருளின் மீதுள்ள உரிமை அழிந்துபோவதும் கைமாற்றம்தான். இணைப்பில் பழைய பங்கின் உரிமை அழிகிறது. ஆனாலும் பங்குதாரர் கையில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அதே தொழிலில்தான், வேறு பெயருள்ள காகிதத்தோடு, அவர் பணம் இன்னும் கிடக்கிறது. இப்போதே வரி கேட்டால், வரி கட்டுவதற்காகவே பங்கை விற்க வேண்டிவரும். அதனால் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, இப்படிப்பட்ட பங்கு மாற்றத்தைக் கைமாற்றமாகக் கொள்ள வேண்டாம் என்று விலக்கி வைத்தது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது.

ஆனால் இது தள்ளுபடி இல்லை, தவணைதான். ஒருவர் 2019-இல் 25 எச்.டி.எஃப்.சி. பங்குகளை, பங்குக்கு 2,100 ரூபாய் வீதம் 52,500 ரூபாய் கொடுத்து வாங்கியதாகக் கொள்வோம். இணைப்பில் 42 வங்கிப் பங்குகள் கிடைத்தன. அன்றைக்கு வங்கிப் பங்கு ஒன்று 1,650 ரூபாய் என்று வைத்தால் மொத்த மதிப்பு 69,300. ஏட்டளவில் லாபம் 16,800 ரூபாய். அதற்கு அப்போது வரி இல்லை. ஆனால் அவருடைய புதுப் பங்கின் அடக்கவிலையும் 1,650 ஆகிவிடாது. பழைய 52,500-ஐ 42-ஆல் வகுத்தால் வரும் 1,250 ரூபாய்தான் ஒவ்வொரு பங்கின் அடக்கவிலை. பிற்பாடு 1,700-க்கு விற்றால் லாபம் பங்குக்கு 450 ரூபாய். தள்ளிவைத்த லாபம் அதற்குள்ளேயே இருக்கிறது.

விற்கும்போது இணைப்பு நாளின் சந்தை விலையை அடக்கவிலையாகக் காட்டினால் பழைய லாபம் மாயமாகிவிடும் அல்லவா? கேரளத்தில் எழுந்த கிரேஸ் காலிஸ் வழக்கில் பங்குதாரர்கள் அந்த வழியைத்தான் கேட்டார்கள். இணைப்பு கைமாற்றமே இல்லை, ஆகவே விலக்கும் அதன் கூடவே வரும் பழைய அடக்கவிலை விதியும் தங்களுக்குப் பொருந்தாது என்பது அவர்கள் வாதம். உயர் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது: உரிமை அழிந்தது, அது கைமாற்றம், விலக்கால்தான் வரி நிற்கிறது, எனவே பழைய விலையே அடக்கவிலை. கெட்டிக்கார வாதம்தான், ஆனால் தீர்ப்புதான் சரியென்று எனக்குப் படுகிறது.

பழைய விலையோடு பழைய தேதியும் வரும் என்பது பங்குதாரருக்கு லாபம். 2019-இல் வாங்கியவர் 2023 செப்டம்பரில் வங்கிப் பங்கை விற்றிருந்தால், நாலு வருடம் வைத்திருந்ததாகவே கணக்கு. அது நீண்டகால ஆதாயம். அன்றைய விதிப்படி ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்தான் 10 சதவீத வரி. இணைப்பு நாளிலிருந்து எண்ணினால் குறுகியகாலமாகி 15 சதவீதம் வந்திருக்கும். தரகு நிறுவனத்தின் லாபக் கணக்கில் வாங்கிய தேதி 2023 ஜூலை என்றோ, விலை பூஜ்யம் என்றோ இருந்தால் அப்படியே நம்பிவிடாமல், பழைய ஒப்பந்தச் சீட்டை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

10 பங்கு வைத்திருந்தவருக்குக் கணக்குப்படி 16.8 பங்கு வரவேண்டும். 16 பங்குதான் கொடுக்க முடியும், மீதி 0.8-க்குரிய பணம் வங்கிக் கணக்கில் வரும். அது பணம் என்பதால் அந்தத் துண்டுக்கு அப்போதே ஆதாயக் கணக்கு உண்டு.

சலுகைக்கு வரம்புகள் உண்டு. மறையும் நிறுவனத்தின் சொத்தும் கடனும் முழுக்கப் போக வேண்டும். மதிப்பில் முக்கால் பங்காவது வைத்திருப்பவர்கள் புது நிறுவனத்திலும் பங்குதாரர்களாக வேண்டும். ஏற்கும் நிறுவனம் இந்திய நிறுவனமாக இருக்க வேண்டும். பங்கை முதலீடாக வைத்திருப்பவருக்குத்தான் இது; சரக்காக வைத்து வியாபாரம் செய்பவருக்கு இல்லை. பலருக்குத் தெரியாதது வேறொன்று: இணைப்பே நடக்காமல், ஒரு நிறுவனம் உங்கள் பங்கை வாங்கிக்கொண்டு விலையாகத் தன் பங்கைத் தந்தால், இந்தியச் சட்டத்தில் அது சாதாரண விற்பனைதான். பணம் கைக்கு வராவிட்டாலும் வரி உடனே வரும். அப்படியொரு அழைப்பு தபாலில் வந்தால், கையெழுத்திடும் முன் அது நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்ட இணைப்பா, வெறும் பங்கு மாற்றமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.